மிம்பரில் ஒரு சிரிப்பு: தலைகள் திரும்பினவா, குனிந்தனவா?



கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள். எந்தப் பள்ளிவாசலையும் எந்தக் கதீபையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஊரையும் ஆட்களையும் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டிருக்கிறோம். யார் என்று தேடவும் வேண்டாம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை. தரம் 8 வகுப்பில் வரவு எடுக்கிறோம். ஒரு மாணவனின் பெயரைக் கூப்பிட்டதும் பின் வாங்கிலிருந்து ஒரு குரல்: "ஏ... ஏ... ஏணி!" முழு வகுப்பும் சிரித்தது. அந்த மகன் எழும்பவுமில்லை, பதில் சொல்லவுமில்லை. மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். இடைவேளையில் மற்றப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்டோம், "அது என்னடா ஏணி?" ஒருத்தன் சொன்னான், "சேர், அது ஜும்ஆவில மௌலவி சொன்னதுதானே. நாங்க சொல்லல்ல."

நாங்களும் அந்த ஜும்ஆவில் இருந்தவர்கள்தான். எங்களுக்கும் அப்போது சிரிப்பு வந்தது. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அன்றைய குத்பா ஸூரா அல்மாஊன் பற்றியது. ஏழே ஏழு வசனங்கள். அநாதையை விரட்டுபவன், ஏழையின் உணவுக்குத் தூண்டாதவன், தொழுகையில் கவனமில்லாமல் பிறர் காணத் தொழுபவன், கடைசியாக அற்பமான புழங்கு பொருளைக்கூடக் கொடுக்க மறுப்பவன். இவர்களை ஒரே வரிசையில் வைத்துப் பேசுகிற ஸூரா அது. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் 'மாஊன்' என்றால் வாளியும் சமையல் பாத்திரமும் இரவல் கொடுப்பதையே தாங்கள் கருதினோம் என்று இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் சொன்ன செய்தி அபூதாவூதில் இருக்கிறது. கதீப் அதையெல்லாம் அழகாகச் சொன்னார். வாளி, சட்டி என்று வந்ததும், "நம்மட ஊரிலயும் ஒருவர் இருக்கிறார், ஏணி கேட்டுப் போனா என்ன சொல்லுவார் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, ஒரு திக்கலான குரலில் "ஏ... ஏ... ஏணி இல்ல" என்றார்.

பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ஊரில் திக்கிப் பேசுபவர், வீட்டில் ஏணி வைத்திருப்பவர் என்றால் ஒருவர்தான். மேசன் வேலை செய்பவர். மூன்றாவது ஸஃப்பில் இருந்தார். பள்ளிவாசலே சிரித்தது. முன் ஸஃப்பில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவரும் சிரித்தார். வேறு என்ன செய்வது?

அவருடைய மகன்தான் அந்தத் தரம் 8 மாணவன்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்தக் கதீப் கெட்ட மனிதர் அல்ல. அவருடைய குத்பாவில் யாரும் தூங்குவதில்லை. இளைஞர்கள் வேறு பள்ளிக்குப் போகாமல் அவரைக் கேட்க வருகிறார்கள். ஜும்ஆ என்றால் கடைசி நேரத்தில் வந்து வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு ஓடுகிற காலத்தில் அது சின்ன விஷயமல்ல. "மார்க்கத்தில் சிரிப்பே கூடாது" என்று சொல்ல நாங்கள் வரவில்லை. நபி (ஸல்) அவர்கள் சிரித்திருக்கிறார்கள், சிரிக்க வைத்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது, யார் மேல் விழுந்தது என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம்.

மிம்பரிலேயே நடந்த ஒரு சம்பவம் புகாரியில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் ஜும்ஆ குத்பா ஓதிக்கொண்டிருக்கும்போது ஒருவர் வந்து, மழையில்லாமல் கஷ்டப்படுகிறோம், மழைக்காகத் துஆச் செய்யுங்கள் என்று கேட்கிறார். துஆச் செய்கிறார்கள். மழை பிடிக்கிறது. அடுத்த ஜும்ஆ வரைக்கும் விடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அதே மனிதரோ வேறொருவரோ எழும்பி, வெள்ளத்தில் மூழ்குகிறோம், மழையை நிறுத்தத் துஆச் செய்யுங்கள் என்கிறார். நபி (ஸல்) அவர்கள் புன்னகைத்தார்கள் என்று அறிவிப்பில் வருகிறது. பிறகு, மழை எங்களைச் சுற்றிப் பெய்யட்டும், எங்கள் மேல் வேண்டாம் என்று துஆச் செய்தார்கள்.

அந்தப் புன்னகையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். போன கிழமை மழை கேட்டவர்கள் இந்தக் கிழமை வேண்டாம் என்கிறார்கள். அதில் உண்மையிலேயே சிரிப்பு இருக்கிறது. ஆனால் "போன கிழமை நீதானே கேட்டாய்" என்று ஒரு சொல் இல்லை. கேட்டவர் சபையில் சிறுத்துப் போகவில்லை. அவருடைய தேவை துஆவாக மாறியது. மனித இயல்பைப் பார்த்து வந்த சிரிப்பு அது, அந்த மனிதரைப் பார்த்து வந்ததல்ல.

இன்னொன்று. இதுவும் புகாரியில் உள்ளது. நபி (ஸல்) அவர்கள் சுவர்க்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சுவர்க்கவாசி ஒருவர் தன் இறைவனிடம் விவசாயம் செய்ய அனுமதி கேட்பார், விதைத்த உடனே பயிர் முளைத்து, விளைந்து, மலை மலையாகக் குவிந்துவிடும் என்று சொல்கிறார்கள். சபையில் ஒரு கிராமத்து அரபி இருந்தார். அவர், அந்த ஆள் ஒன்றில் குறைஷியாக இருப்பார் அல்லது அன்ஸாரியாக இருப்பார், அவர்கள்தான் விவசாயிகள், நாங்கள் விவசாயிகள் அல்லவே என்று சொன்னார். நபி (ஸல்) அவர்கள் சிரித்தார்கள்.

நெல் விதைக்கிற ஊர்க்காரர்களுக்கு இதை விளங்கப்படுத்தவே தேவையில்லை. சுவர்க்கத்துக்குப் போயும் வயலை விட முடியாத ஒருவர், அதைக் கேட்டு "அது எங்கட ஆள் இல்ல" என்று சொல்லும் இன்னொருவர். இங்கே சிரிப்பு சொற்பொழிவின் உள்ளேயிருந்து வந்தது, வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியதல்ல. அதோடு, பட்டணத்துச் சபையில் எல்லோரும் சேர்ந்து சிரிக்க வசதியான ஆள் கிராமத்துக்காரர்தான். இங்கே நகைச்சுவையைச் சொன்னவரே அவர். அவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, அவர் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்கள்.

இப்போது நம்முடைய ஏணிக்கு வருவோம். அங்கே என்ன பிழை நடந்தது?

முதலாவது, சிரிப்பு மாஊனிலிருந்து வரவில்லை. ஒரு மனிதரின் நாக்கிலிருந்து வந்தது. திக்கலை எடுத்துவிட்டு அந்த வசனத்தைச் சொல்லிப் பாருங்கள். "ஏணி இல்ல." அதில் சிரிக்க ஒன்றுமே இல்லை. அப்படியென்றால் நாங்கள் கஞ்சத்தனத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை, ஒருவருடைய குறையைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறோம். பேச்சுக் குறையைக் கேலி செய்வதைக் குர்ஆன் யாருடைய வாயில் வைத்துக் காட்டுகிறது? ஸூரா ஸுக்ருஃபில், மூஸா (அலை) அவர்களைத் தெளிவாகப் பேசக்கூட முடியாதவர் என்று இழிவாகச் சொல்பவன் பிர்அவ்ன். தன் நாவின் முடிச்சை அவிழ்க்கும்படி துஆக் கேட்ட நபி மூஸா. மிம்பரில் நின்று ஒருவரின் நாக்கைப் பாவனை செய்யும் நேரத்தில் நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை இந்த வசனம் காட்டிவிடுகிறது. ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தைக் கேலி செய்ய வேண்டாம், பட்டப் பெயர் சொல்லி அழைக்க வேண்டாம் என்று ஸூரா அல்ஹுஜுராத்தில் வருவது நம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பட்டப்பெயர் திங்கட்கிழமை எங்கள் வகுப்பில் பிறந்துவிட்டது.

இரண்டாவது, அந்தச் செய்தி முழுமையான உண்மையும் அல்ல. பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. அவர் முன்பு ஏணி கொடுத்தவர். இரண்டு தடவை படி உடைந்து திரும்பி வந்தது. ஒரு தடவை அதனால் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. நமக்கு ஏணி வீட்டுச் சாமான், அவருக்கு அது சம்பளம். நீங்கள் எங்களோடு பகிடி விடுகிறீர்களே என்று ஸஹாபாக்கள் கேட்டபோது, உண்மையைத் தவிர எதையும் தாம் சொல்வதில்லை என்று நபி (ஸல்) அவர்கள் பதில் கொடுத்ததாக திர்மிதியில் வருகிறது. மக்களைச் சிரிக்க வைப்பதற்காகப் பொய் சொல்பவனுக்குக் கேடுதான் என்ற கடுமையான எச்சரிக்கையும் அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. ஒரு பகிடிக்காக ஊர்க் கதையை விசாரிக்காமல் எடுத்தால் இந்த எச்சரிக்கைக்கு மிகப் பக்கத்தில் போய்விடுகிறோம். வட்ஸ்அப்பில் வந்த துணுக்கை "எனக்குத் தெரிந்த ஒருவருக்கு நடந்தது" என்று சொல்வதும் இதே வகைதான். "ஒரு உதாரணத்துக்குச் சொல்றேன்" என்று முன்னாலேயே சொல்லிவிட்டால் பொய்யும் இல்லை, சிரிப்பும் குறையாது.

மூன்றாவதுதான் எங்களை மிகவும் உறுத்தியது. ஜும்ஆ குத்பா நடக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் "பேசாமல் இரு" என்று சொல்வதுகூட வீண் காரியம் என்று ஹதீஸ் இருக்கிறது. சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். அதாவது மிம்பரில் இருந்து ஒருவரைப் பகிடி பண்ணினால் அவருக்குப் பதில் சொல்ல வழியே இல்லை. தேநீர்க் கடையில் என்றால், "அட, நீ உடைச்ச ஏணிதானே அது" என்று அவர் திருப்பிச் சொல்லியிருப்பார், எல்லோரும் சிரித்துவிட்டு விஷயம் முடிந்திருக்கும். மிம்பருக்கு முன்னால் அவர் மார்க்கத்துக்குக் கட்டுப்பட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தார். அவருடைய அந்தக் கட்டுப்பாட்டைத்தான் நாம் அவருக்கு எதிராகப் பாவித்துவிட்டோம்.

அதனால் கடைப் பகிடியும், இஷாவுக்குப் பின் நடக்கும் பயானில் வரும் பகிடியும், குத்பாவில் வரும் பகிடியும் ஒன்றல்ல. பயானில் கேள்வி கேட்கலாம், பதில் வரலாம். குத்பாவில் "என்ன, சரிதானே?" என்று கேட்டு சபையைச் சத்தம் போட வைப்பதே கேட்பவர்களின் ஜும்ஆவைப் பாதிக்கும் காரியம். குத்பாவில் ஒரு புன்னகைக்கு இடம் இருக்கிறது. கலகலப்புக்கு இல்லை. குத்பா ஓதும்போது நபி (ஸல்) அவர்களின் கண்கள் சிவந்து, குரல் உயர்ந்து, படை வருகிறது என்று எச்சரிப்பவர் போல இருப்பார்கள் என்று ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவித்தது முஸ்லிமில் இருக்கிறது. மழைக்காகப் புன்னகைத்த அதே மிம்பர்தான் அதுவும்.

அப்படியானால் அந்த இடத்தில் சிரிப்பே வராமல் மாஊனை எப்படிச் சொல்வது? சிரிப்போடும் சொல்லலாம் என்பதே எங்கள் கருத்து. ஏனென்றால் அந்த ஸூராவுக்குள்ளேயே ஒரு விசித்திரம் இருக்கிறது. தொழுகையாளிகளுக்குக் கேடு என்று நடுங்க வைத்துவிட்டு, கடைசியில் ஒரு சட்டியில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அந்த இடத்தில்தான் நம்முடைய வாழ்க்கை கதவைத் திறக்கிறது.

முதலில் ஸூராவை முழுமையாக ஓத வேண்டும். அர்த்தத்தையும் முழுமையாக, எந்தப் பகிடியும் கலக்காமல் சொல்ல வேண்டும். பிறகு வாளி, பாத்திரம் என்ற அந்த விளக்கம். அதற்குப் பிறகு, இப்படிச் சொன்னால் என்ன?

"எங்கட வீட்டுச் சாமான்களுக்கு ஒரு வருத்தம் இருக்கு. பக்கத்து வீட்டார் வாசலுக்கு வந்தாத்தான் அது தொடங்கும். திருவலைக்குப் பல் போயிடும். மண்வெட்டிக்குப் பிடி கழண்டிடும். சைக்கிள் பம்ப் தம்பிட வீட்டுக்குப் போயிடும். அவர் வெறுங்கையோட திரும்பிப் போனதும் எல்லாம் சுகமாயிடும்."

யாருடைய பெயரும் இல்லை, குரலும் இல்லை, வருத்தம் சாமான்களுக்குத்தான். "எங்கட வீடு" என்று தொடங்கியதால் சொல்பவரும் அதற்குள் இருக்கிறார். இதைக் கேட்கும் ஒவ்வொருவருக்கும் தன் வீட்டு மண்வெட்டி ஞாபகம் வரும். மேல் மாடியில் இருந்து ஒலிபெருக்கியில் கேட்கும் பெண்களுக்கும் தங்கள் குசினி ஞாபகம் வரும். "பொம்பளைகள் இரவல் வாங்கிறதில கெட்டிக்காரிகள்" என்று தொடங்கியிருந்தால் அவர்கள் அன்றே காதை மூடியிருப்பார்கள். முகம் தெரியாத சபையைக் கேலி செய்வது மிகவும் இலகு. அதனால்தான் மனைவிமார் பகிடிகள் இவ்வளவு மலிந்து போயிருக்கின்றன.

சொல்லி முடித்ததும் நிறுத்த வேண்டும். இன்னொரு சாமானைச் சேர்க்கக் கூடாது. சிரிப்பு அடங்கக் காத்திருந்து, தானும் சிரித்துக்கொண்டு நிற்கக் கூடாது. குரலை இறக்கி, அதே வசனத்துக்குத் திரும்ப வேண்டும். சட்டியைக் கொடுக்காததை அல்லாஹ் எதனோடு சேர்த்துச் சொல்கிறான்? கவனமற்ற தொழுகையோடு. நாம் இப்போது ஸஃப்பில் இருக்கிறோம், சற்று நேரத்தில் தொழப் போகிறோம். அந்த இடத்தில் சிரித்த வாய் தானாக மூடும். முதல் வார்த்தையும் வசனத்துடையது, கடைசி வார்த்தையும் வசனத்துடையது, நடுவில் நாலு வரி மட்டும் நம்முடையது. வசனத்தை ஓதிவிட்டு அர்த்தம் சொல்லும் முன் பகிடி விட்டால் சபைக்கு வசனமே பகிடியாகக் கேட்கும். பகிடியோடு முடித்துவிட்டால் பகிடிதான் வீட்டுக்குப் போகும்.

அப்படித்தான் போனது. அந்தத் திங்கட்கிழமை வகுப்பில், "அன்றைக்கு எந்த ஸூராவைப் பற்றிச் சொன்னார்?" என்று கேட்டோம். ஏணி எல்லோருக்கும் ஞாபகம். மாஊன் என்று சொன்னவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவன் அந்த மேசனின் மகன்.

சிரிப்பு சரியான இடத்தில் விழுந்ததா என்று அறிய எங்களுக்கு ஒரு வழி தெரியும். தலைகளைப் பாருங்கள். சபை சிரிக்கும்போது தலைகள் ஒரு பக்கம் திரும்பினால், அங்கே ஒருவர் மாட்டிக்கொண்டிருக்கிறார். தலைகள் கொஞ்சம் குனிந்து, ஒவ்வொருவரும் தனக்குள் சிரித்தால், ஒவ்வொருவரும் தன்னைப் பார்த்திருக்கிறார். மிம்பரில் நிற்பவருக்கு இது மற்ற எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அன்று தலைகள் மூன்றாவது ஸஃப்பை நோக்கித் திரும்பின.

எங்கள் பங்கையும் சொல்லிவிட வேண்டும். பயிற்சிக் கலாசாலையில் இருந்தபோது கற்பித்தல் பயிற்சிக்குப் போன வகுப்பில், ஒரு பிள்ளையின் பிழையான உச்சரிப்பை நாங்கள் அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டினோம். வகுப்பு நன்றாகச் சிரித்தது. பாடம் கலகலப்பாகப் போகிறது என்று சந்தோஷப்பட்டோம். அந்தப் பிள்ளை அந்தத் தவணை முடியும் வரை வாய் திறந்து வாசிக்கவில்லை. ஆசிரியருக்கும் கதீபுக்கும் ஒரே சோதனைதான். சிரிக்க ஆட்கள் முன்னால் இருக்கிறார்கள், திருப்பிச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அந்த ருசி ஆளைக் கெடுக்கும்.

முடிவில் நடந்தது இதுதான். நாங்கள் இரண்டு பேர் மஃரிபுக்குப் பின் கதீபைத் தனியாகச் சந்தித்தோம். "ஹஸரத், குத்பா நல்லா இருந்துச்சு. ஒரு விஷயம் மட்டும் சொல்லணும்" என்று தொடங்கி, வகுப்பில் நடந்ததைச் சொன்னோம். அவர் முதலில், "நான் பேர் சொல்லல்லையே" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவர்ட மகன் உங்கட வகுப்பிலயா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த ஜும்ஆவில் மிம்பரில் மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தோம். கேட்கவில்லை. கேட்டிருந்தால் தலைகள் மறுபடியும் அதே ஸஃப்பை நோக்கித்தான் திரும்பியிருக்கும். அவர் இஷாவுக்குப் பின் அந்த வீட்டுக்கே போயிருக்கிறார். என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அந்த மேசன் காக்கா இப்போதும் அதே ஸஃப்பில்தான் தொழுகிறார். கதீபும் பகிடியை விடவில்லை. ஆனால் இப்போது பெரும்பாலும் அவருடைய பகிடியில் மாட்டிக்கொள்பவர் அவரேதான்.

வகுப்பில் மட்டும் அந்தப் பெயர் இன்னும் முழுமையாகப் போகவில்லை. எங்களுக்குக் கேட்காத இடத்தில் சொல்கிறார்கள் என்று அறிகிறோம். மிம்பரில் சில விநாடிகளில் சொன்னதை வகுப்பில் ஒரு தவணை முழுக்க அழித்துக்கொண்டிருக்கிறோம்.

கதீப்மார்களே, எங்களைச் சிரிக்க வையுங்கள். எங்கள் மண்வெட்டியையும், எங்கள் சாக்குப்போக்கையும், மழை கேட்டுவிட்டு மழையைத் திட்டும் எங்கள் வாயையும் பார்த்துச் சிரிக்க வையுங்கள். ஸஃப்பில் இருக்கும் ஒரு மனிதரை மட்டும் எங்களுக்குக் காட்டித் தராதீர்கள். நாங்கள் திரும்பிப் பார்த்துவிடுவோம்.

பெற்றோரே, அந்தப் பெயர் உங்கள் பிள்ளையின் வாயிலும் இருக்கிறதா என்று இன்று இரவு ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

நம் நாவுகளால் பிறருக்கு ஏற்படும் காயத்தை விட்டும் அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக. ஆமீன்.